"எந்தப் பாலம்?": தொடர் முழுக்க ஓடும் ஒரு ஜோக்குக்குள் கால்பேக் வைப்பது எப்படி

பத்து எபிசோட் உள்ள ஒரு யூடியூப் காமெடித் தொடரில் ஒரே ஜோக் ஏழெட்டுத் தடவை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசித் தடவை வரும்போது பார்ப்பவர் "ஆரம்பிச்சிட்டானுவளா" என்று போனைக் கீழே வைக்கலாம். அல்லது, ஒரு எபிசோட் விடாமல் பார்த்து வந்தவர் "இத நமக்குன்னே வச்சிருக்கானுவ" என்று பக்கத்தில் இருப்பவரை இடித்துக் காட்டலாம். இந்த வித்தியாசம் எழுதும்போதும் எடிட் பண்ணும்போதும் எடுக்கிற சில முடிவுகளில் இருக்கிறது. அந்த முடிவுகளைத் திருநெல்வேலி வட்டாரத்தில் நடக்கிற ஒரு கற்பனைத் தொடரை வைத்து முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை பார்ப்போம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால் அது ரன்னிங் ஜோக். முன்பு நடந்த ஒன்றை, நடுவில் இடைவெளி விட்டு, வேறொரு சூழலில் வைத்துத் தொட்டால் அது கால்பேக். வெறும் ரன்னிங் ஜோக்குக்கு ஆறாவது எபிசோடில் நுழைந்தவரும் முதலிலிருந்து பார்ப்பவரும் ஒரே அளவுதான் சிரிப்பார்கள். ஜோக்குக்குத் தன் பழைய கதை ஞாபகம் இருக்கிறது என்று தெரியும்போதுதான் பழைய பார்வையாளருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. அந்தக் கூடுதலை எங்கே, எவ்வளவு வைப்பது என்பதுதான் இனி வரப்போவது.

எந்த ஜோக் பத்து எபிசோட் தாங்கும்?

நம் நாயகன் சுடலைமுத்து. பாளையங்கோட்டையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். சேர், ஜமுக்காளம், அண்டா, பந்தல் சாமான் எல்லாம் மினிவேனில் ஏற்றி விசேஷ வீடுகளுக்கு அனுப்புகிறவர். எங்கேயும் நேரத்துக்குப் போகமாட்டார். யார் போன் பண்ணி "எங்கவே நிக்கீரு?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "இந்தா, பாலத்துல ஏறிட்டேன் அண்ணாச்சி."

இந்த ஜோக்கைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள் உண்டு. வசனம் சிறியது. "இந்தா, பாலத்துல ஏறிட்டேன்" என்று யார் வாயிலும் வைக்கலாம். அடுத்து, அவருடைய தொழிலே எபிசோடுக்கு ஒரு புது வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது. நிச்சயதார்த்தம், கோயில் கொடை, பதினாறாம் நாள் விசேஷம், அரசியல் கூட்டம் என்று காத்திருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே ஜோக்கை இழுத்துப் பிடித்துக் கதைக்குள் திணிக்க வேண்டாம், கதையே அதைக் கொண்டுவரும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். இந்த ஜோக்குக்குள் யாரும் கேட்காத ஒரு கேள்வி கிடக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்குப் போகிற வழியில் இரண்டு பாலம். வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் தாமிரபரணி மேல் சுலோச்சன முதலியார் பாலம். அதைத் தாண்டி ஜங்ஷன் போனால் ரயில்பாதைக்கு மேல் ஈரடுக்கு மேம்பாலம். டவுனில் காத்திருக்கிற வீட்டுக்காரர் "பாலம்" என்றதும் மேம்பாலத்தை நினைத்து, ஆள் பக்கத்தில் வந்துவிட்டார் என்று ஆறுதல் அடைகிறார். சுடலைமுத்து எந்தப் பாலத்தையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை, கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். "எந்தப் பாலம்?" என்று ஒருவர் கேட்டால் குட்டு உடைந்துவிடும். அதை ஒன்பது எபிசோட் வரை யாரும் கேட்கக் கூடாது. தொடரின் கடைசிச் சிரிப்பு முதல் நாளே இந்த வசனத்துக்குள் புதைந்து கிடக்கிறது.

கீழே விழுவது, மூக்கை உறிஞ்சுவது, ஒரு சொல்லைத் தப்பாகவே உச்சரிப்பது மாதிரியான ஜோக்குகள் மூன்று தடவைக்கு மேல் ஓடாததற்குக் காரணம் இதுவே. அவற்றுக்குள் கேட்கப்படாத கேள்வி இல்லை. ஆகவே திரும்ப வரும்போது சத்தத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஏற்கெனவே இரண்டு மூன்று எபிசோட் வெளியிட்டுவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் புதிதாக ஒன்றை நடுவில் நுழைக்க வேண்டாம். வெளியானவற்றிலேயே பார்ப்பவர்கள் வாயில் ஒட்டிக்கொண்ட வசனம் எது என்று தேடுங்கள். அதற்குள் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று தடவை

முதல் தடவை அது விதை என்று யாருக்கும் தெரியக் கூடாது. அந்தக் காட்சிக்கு அதுவே முழு ஜோக்காக நிற்க வேண்டும். முதல் எபிசோடில் டவுனில் நிச்சயதார்த்த வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள், உட்காரச் சேர் இல்லை. பெண்ணின் அப்பா போன் போடுகிறார். "இந்தா, பாலத்துல ஏறிட்டேன் அண்ணாச்சி" என்று குரல் வருகிறது. அடுத்த ஷாட்டில் கடை. சுடலைமுத்து சாரத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, அடுக்கிவைத்த சேர்கள் மேலேயே உட்கார்ந்து பேசுகிறார். பொய் சொல்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள். எதிர்காலத்துக்காக எதையோ வைக்கிறார்கள் என்ற வாசனையே இல்லை.

விதைக்கும் இடத்தில் ஆட்கள் செய்கிற வழக்கமான தப்பு, அந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு "டொய்ங்" சத்தம் போடுவது அல்லது மறுபடியும் க்ளோஸப்பில் காட்டுவது. "இதை ஞாபகம் வச்சுக்கோ" என்று பார்ப்பவரிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும். பிறகு அவர் ஞாபகம் வைத்திருந்தால் அதில் அவருடைய சாமர்த்தியம் எங்கே இருக்கிறது?

இரண்டாவது எபிசோடில் அதே வசனம், வேறு வீடு. இந்தத் தடவை கடையைக் காட்டுவதில்லை. போனில் வசனத்துக்குப் பின்னணியில் குக்கர் விசில் மட்டும் கேட்கிறது. முதல் எபிசோட் பார்த்தவர் கண்முன் கடையும் அதற்குப் பின்னால் இருக்கும் வீடும் தானாக வந்துவிடும். பார்க்காதவருக்கும் பாலத்தில் குக்கர் விசில் கேட்காது என்பது புரியும்.

மூன்றாவது எபிசோடில் திருப்பம். போன் பண்ணுகிற ஆளுக்கு இவர் சங்கதி தெரியும். "பாலத்துல ஏறிட்டீரு, அதானவே?" என்று முந்திக்கொள்கிறார். ஒரு கணம் அமைதி. பிறகு சுடலைமுத்து: "இல்ல அண்ணாச்சி. இறங்கிட்டேன்." இதோடு ஜோக் நிலைத்துவிட்டது. மூன்றாவது தடவையும் முதல் தடவை மாதிரியே செய்திருந்தால், நான்காவதைப் பார்ப்பவர் நமக்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிடுவார்.

நான்காவது எபிசோடில் ஜோக் கிடையாது. இந்த இடைவெளி அவசியம். வாராவாரம் ஒன்று வெளியாகிற தொடரில் ஒரு எபிசோட் விட்டால் பார்ப்பவருக்குப் பதினான்கு நாள் இடைவெளி கிடைக்கிறது. கொஞ்சம் மறந்த பிறகு ஞாபகம் வருவதில்தான் கால்பேக்கின் சுகமே இருக்கிறது. நான்காவது எபிசோடில் ஒரு போன் அடிக்க விடலாம், அவர் எடுக்காமலே இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஒன்றை மாற்று, மற்றதைத் தொடாதே

இதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஜோக்கில் ஒரே ஒரு அங்கத்தை மாற்ற வேண்டும். சொல்கிற ஆள், கேட்கிற ஆள், எதைப் பற்றிச் சொல்கிறார்கள், சொல் வழியா சத்தம் வழியா காட்சி வழியா, பொய்யா உண்மையா என்று மாற்றக்கூடியவை ஐந்தாறு இருக்கின்றன. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் பார்ப்பவர் பழைய ஜோக்கை அடையாளம் காணமாட்டார். ஒன்றையும் மாற்றவில்லை என்றால் அது வெறும் திரும்பச் சொல்லல்.

மாறாமல் இருக்க வேண்டியது வசனத்தின் முதுகெலும்பு. "பாலத்துல ஏறிட்டேன்" என்ற இரண்டு சொல். நம் பக்கத்து நடிகர்கள் இயல்பாகவே வசனத்தைத் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிப் பேசுவார்கள். "பாலத்துகிட்ட வந்துட்டேன்", "பாலம் தாண்டியாச்சு" என்றெல்லாம் வரும். வேறு எந்த இடத்திலும் அதைத் தடுக்க வேண்டாம், அந்த உயிர் நெல்லைப் பேச்சுக்கே உரியது. இந்த இரண்டு சொல்லை மட்டும் ஸ்கிரிப்டில் அடிக்கோடிட்டுக் கொடுத்து, மாற்றக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். காது அடையாளம் காண்பது ஒலி வரிசையைத்தான். "ஏறிட்டேன்" என்பது "வந்துட்டேன்" ஆகிவிட்டால் பாதிப் பேருக்கு மணி அடிக்காது.

ஐந்தாவது எபிசோடில் சொல்கிற ஆள் மாறுகிறார். விருந்தாள் வந்து உட்கார்ந்திருக்கிறார். சுடலைமுத்து அடுக்களையைப் பார்த்து "ஏட்டி, சோறு ஆச்சா?" என்று கேட்கிறார். உள்ளேயிருந்து மனைவி பேச்சியம்மாள்: "இந்தா, பாலத்துல ஏறிட்டு." விருந்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை, சுடலைமுத்து மட்டும் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார். நான்கு எபிசோடாக வீட்டுக்குள் இருந்து எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது இந்த ஒரு வரியில் தெரிகிறது. அந்தக் குக்கர் யாருடையது என்பதும்.

ஆறாவதில் கேட்கிற ஆள் மாறுகிறார். கொக்கிரகுளத்துப் பெரியவர் ஒருவர், அவசரமே படாதவர். நான்கு தடவை போன் பண்ணி நான்கு தடவையும் அதே பதிலைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொல்கிறார்: "எய்யா, சுலோச்சன முதலியார் பாலத்தையே கட்டி முடிச்சிட்டாரு. நீ இன்னும் ஏறி முடிக்கலியே." அந்தப் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டியது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. தெரியாதவருக்கும் வரி வேலை செய்கிறது, தெரிந்தவருக்கு இன்னொரு பலன். ஆனால் கவனியுங்கள்: இந்த வரியில் ஒரு பாலத்தின் பெயர் முதல் தடவையாக வந்துவிட்டது. பெரியவர் தன் வீட்டுப் பக்கத்துப் பாலத்தைத்தான் நினைக்கிறார். டவுன்காரர் நினைத்தது வேறு. கடைசி எபிசோடுக்கான வழி இங்கே சத்தமில்லாமல் போடப்படுகிறது.

ஏழாவது எபிசோடில் வசனமே இல்லை. கடைச் சுவரில் தொங்குகிற காலண்டரில் பாலத்தின் படம் இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை, கேமரா அதன் மேல் போய் நிற்பதும் இல்லை. கண்டுபிடிக்கிறவர் கண்டுபிடிக்கட்டும்.

எட்டாவதில் வடிவம் மாறுகிறது. ஊர்க்கோயில் கொடை. பந்தல் சாமான் பாதிதான் வந்திருக்கிறது. வில்லுப்பாட்டு நடக்கிறது. குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி சொல்கிற கதையில் ஒரு தூதுவன் ஓலை கொண்டுவரப் புறப்படுகிறான், நேரமாகிறது, ஆளைக் காணோம். "தூதன் எங்கே நிக்கான்?" என்று அண்ணாவி கேட்டு, வீசுகோலால் வில்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இந்தா... பாலத்துல ஏறிட்டான்" என்கிறார். குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் சேர்ந்து "ஆமா!" போடுகிறார்கள். வில்லுப்பாட்டில் பாடுகிறவர் சொல்வதைக் குழு "ஆமா" போட்டு வாங்குவது வழக்கமே என்பதால் காட்சி இயல்பாக அமைகிறது. பந்தலுக்குப் பின்னால் சுடலைமுத்து நிற்பதைக் கூட்டத்தில் ஒருவராகக் காட்டினால் போதும். இந்த வரியைச் சாமி பாத்திரத்தின் மேல் வைக்காதீர்கள், தூதன் மேல் வையுங்கள். கொடையில் பாடப்படும் கதை பலருக்கு நேர்ச்சையோடு சம்பந்தப்பட்டது. சிரிப்புக்காக அதைத் தொட்டால் ஊரில் படப்பிடிப்புக்கு இடம் கொடுத்தவருக்கே சங்கடம். உண்மையான வில்லுப்பாட்டுக் குழுவை நடிக்க வைப்பதாக இருந்தால் வரியை முன்கூட்டியே அவர்களிடம் காட்டி, அவர்களுக்குச் சரிப்படுகிற சந்தத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாம் எழுதிக் கொடுக்கிற சந்தம் பெரும்பாலும் நொண்டும்.

புதிதாக வந்தவரும் அதே காட்சியில்தான் இருக்கிறார்

ஒவ்வொரு கால்பேக்குக்கும் இரண்டு பேரை மனத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். ஒருவர் எல்லா எபிசோடும் பார்த்தவர். இன்னொருவர் இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார். இரண்டாமவருக்கு அந்த வரி என்னவாகத் தெரியும் என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் புதியவருக்கும் புரிகிற மேல்தளம் காட்சியில் இல்லை என்று அர்த்தம்.

பேச்சியம்மாள் வரியை எடுத்துக்கொள்வோம். புதியவருக்கு "சோறு பாலத்துல ஏறிட்டு" என்பது அர்த்தமில்லாத வாக்கியம். அவர் திகைத்துப் போனால் அடுத்த பத்து விநாடி வசனம் அவர் காதில் விழாது. ஆகவே அதே எபிசோடின் முன்பகுதியில், சோறு கேட்பதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னால், யாரிடமோ போனில் சுடலைமுத்து அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு வரும்படி வைக்க வேண்டும். அதை ஜோக்காக அழுத்தாமல், செருப்பைக் கழற்றிக்கொண்டே போகிறபோக்கில் சொல்லட்டும். இப்போது புதியவருக்கு மனைவி கணவனைக் குத்திக் காட்டுகிறாள் என்று புரிந்துவிடும். பழையவருக்கு ஐந்து வாரக் கணக்கு தீர்கிறது. ஒரே வரி, இரண்டு விலை.

இதற்கு மாற்றாகப் பலரும் செய்வது பழைய எபிசோடிலிருந்து இரண்டு விநாடித் துண்டை வெட்டி நடுவில் காட்டுவது. அதைச் செய்யவே கூடாது என்பது எங்கள் கட்சி. புதியவருக்கு உதவுகிறோம் என்று நினைத்து, ஞாபகம் வைத்திருந்தவரின் பரிசைப் பிடுங்கி எல்லாருக்கும் பங்கு வைத்த கதையாகிவிடும். "எபிசோட் 2 ஞாபகம் இருக்கா?" என்று திரையில் எழுதுவதும் இதே ரகம்.

இன்னொரு எல்லையும் உண்டு. கதையை நகர்த்துகிற தகவலைக் கால்பேக்கின் மேல் தொங்கவிடக் கூடாது. காலண்டர் படத்தைக் கவனிக்காத ஒருவருக்கு ஏழாவது எபிசோட் கதை ஒரு துளியும் குறையக் கூடாது.

கணக்கு நோட்டு

மூன்றாவது எபிசோடுக்கு மேல் ஞாபகத்தை நம்பி வேலை செய்ய முடியாது. ஒரு நோட்டோ ஸ்பிரெட்ஷீட்டோ போட்டு, ஜோக் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். எந்த எபிசோட், எத்தனையாவது நிமிடம், சொன்னவர், கேட்டவர், மாற்றிய அங்கம், மாறாமல் வைத்தது, புதியவருக்கு என்ன தெரியும், பின்னணியில் என்ன சத்தம் அல்லது பொருள். ஐந்தாவது எபிசோடுக்கான வரி இப்படி இருக்கும்: "எபி. 5, 7:40. சொன்னவர் பேச்சியம்மாள். கேட்டவர் சுடலைமுத்து, விருந்தாள். மாற்றம்: சொல்கிற ஆள். மாறாதது: 'பாலத்துல ஏறிட்-'. புதியவருக்கு: மனைவி குத்திக்காட்டல். பொருள்: அதே குக்கர்."

இதில் "கேட்டவர்" என்ற கட்டத்தைத்தான் ஆட்கள் விட்டுவிடுவார்கள். யாருக்கு இந்த வசனம் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது அதில்தான் இருக்கிறது. ஒன்பதாவது எபிசோடில் ஒரு பாத்திரம் "வழக்கம்போல பாலமா?" என்று கேட்டால், அவர் அதுவரை அந்த வசனத்தைக் கேட்கவே இல்லையே என்று விடாமல் பார்ப்பவர் பிடித்துவிடுவார். பரிசு கொடுக்க வேண்டிய ஆளுக்கே உறுத்தல் கொடுப்பது அது.

நேரத்தையும் நோட்டில் பாருங்கள். பன்னிரண்டு, பதினைந்து நிமிட எபிசோடில் இந்த ஜோக்குக்கு இருபது விநாடிக்கு மேல் போகக் கூடாது. வில்லுப்பாட்டும் கடைசி எபிசோடும் மட்டும் விலக்கு.

எடுக்கும்போதும் வெட்டும்போதும்

எபிசோட் வரிசையில் யாரும் ஷூட் பண்ணுவதில்லை. கடைக் காட்சிகளை எல்லாம் இரண்டு நாளில் எடுத்து முடிப்போம். ஆகவே முதல், ஏழாம் எபிசோட் ஷாட்டுகள் ஒரே காலையில் எடுக்கப்படும். அங்கேதான் காலண்டர் சிக்கல் வரும். ஏழாவதுக்கு மாட்டிய காலண்டர் முதல் எபிசோட் ஷாட்டில் தெரிந்துவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது, முன்பே இருந்தது என்று ஆகிவிடும். முதல் எபிசோடில் இருந்து ஏழாவதில் காணாமல் போனால்தான் தொல்லை. ஷாட் முடிந்ததும் சுவரை ஒரு போட்டோ எடுத்து நோட்டில் சேர்த்துவிடுங்கள்.

போன் வழியாக வரும் குரலைத் தனியாக, சத்தமில்லாத அறையில் பதிவு செய்யுங்கள். பிறகு எடிட்டிங்கில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் உள்ள ஒலியை வெட்டினால் போன் குரல் மாதிரி வந்துவிடும். பழைய டெலிபோன் லைன் கடத்தியது அந்த அளவைத்தான், நம் காது இன்னும் அதையே போன் என்று நம்புகிறது. பத்து எபிசோடுக்கும் ஒரே அமைப்பைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துங்கள். குக்கர் விசிலையும் ஒரே தடவை பதிவு செய்து அதே ஃபைலைத்தான் எங்கும் போட வேண்டும். வேறு குக்கர் என்றால் வேறு சத்தம், கால்பேக் போச்சு.

சுடலைமுத்து போனுக்கு ரிங்டோன் வைக்கிறீர்கள் என்றால் சினிமாப் பாட்டு வைக்காதீர்கள். யூடியூப்பின் Content ID அதைக் கண்டுபிடித்து உரிமையாளர் பெயரில் க்ளெய்ம் போடும். ஒரு எபிசோடில் பிரச்சினை வந்தபின் ரிங்டோனை மாற்றினால், ஆறு எபிசோடாகப் பழக்கிய அடையாளம் போய்விடும். உடுக்கையில் நாலு தட்டு நீங்களே பதிவு செய்து வைத்தாலும் போதும்.

எடிட்டில் கால்பேக் வரிக்குப் பின் சுமார் அரை விநாடி விடுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் பன்னிரண்டு ஃபிரேம். ஞாபகம் வந்து சேர அந்த நேரம் தேவை. அதற்கு மேல் விட்டால் சிரிப்புக்குக் காத்திருப்பது தெரியும். அந்த நேரத்தில் திரையில் இருக்கிற யாரும் சிரிக்கக் கூடாது, கேமராவைப் பார்க்கவும் கூடாது. பேச்சியம்மாள் தன் வரியைச் சொல்லும்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கே கெட்டுப்போகும், எப்படித் தெரியும்?

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை. எல்லா எபிசோடும் பார்த்த ஒருவரையும் எதுவும் பார்க்காத ஒருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, சொல்லாமல், அவர்கள் முகத்தைப் பாருங்கள். பார்த்தவர் வரி முடிவதற்கு முன்பே சிரித்தால் ஜோக் ஊகிக்கக் கூடியதாகிவிட்டது, மாற்றம் போதவில்லை. இரண்டு பேருமே சிரிக்கவில்லை என்றால் இடைவெளி அதிகம், அல்லது முதுகெலும்புச் சொல் மாறிவிட்டது. பார்க்காதவர் "என்ன சொன்னாரு?" என்று திரும்பிக் கேட்டால் மேல்தளம் இல்லை. பார்த்தவர் சிரித்து, மற்றவர் சாதாரணமாகத் தொடர்ந்து பார்த்தால் அதுதான் நமக்கு வேண்டியது.

வெளியான பிறகு யூடியூப் ஸ்டூடியோவில் ஆடியன்ஸ் ரிட்டென்ஷன் வரைபடத்தைப் பாருங்கள். கால்பேக் வரும் இடத்தில் சின்னக் கூம்பு எழுந்தால் ஆட்கள் பின்னால் தள்ளி மறுபடி பார்க்கிறார்கள். பள்ளம் விழுந்தால் தாண்டிப் போகிறார்கள். பார்வைகள் போதுமான அளவு வந்திருந்தால் புதியவர், திரும்ப வந்தவர் என்று பிரித்தும் காட்டும். புதியவர் கோடு மட்டும் அங்கே இறங்கினால் சரிசெய்ய வேண்டியது காட்சியின் மேல்தளத்தை. இரண்டு கோடும் இறங்கினால் ஜோக்கே சலித்துவிட்டது, அடுத்த இரண்டு எபிசோட் அதற்கு ஓய்வு கொடுங்கள்.

ஒரு எபிசோட் நன்றாக ஓடியதும் வருகிற ஆசை ஒன்று இருக்கிறது: எல்லாப் பாத்திரமும் அந்த வசனத்தைச் சொல்ல ஆரம்பிப்பது. டீக்கடைக்காரர் சொல்வார், பஸ் கண்டக்டர் சொல்வார். அப்போது அது சுடலைமுத்துவின் பொய் என்ற நிலையிலிருந்து தொடரின் விளம்பர வாசகமாக மாறிவிடும். சொல்ல உரிமை உள்ளவர்கள் அவரால் காத்திருந்தவர்கள் மட்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் இந்த ஆசை கட்டுக்குள் இருக்கும். பேச்சியம்மாள் காத்திருந்தவர். கொடைக்கு வந்த வில்லுப்பாட்டுக்காரரும் பந்தலுக்குக் காத்திருந்தவர்தான்.

உடைக்கும் இடம்

ஒன்பதாவது எபிசோடில் பொய்யை உண்மையாக்குங்கள். ஆனித் தேரோட்ட நாள், டவுனைச் சுற்றி வண்டிகளைத் திருப்பி விடுகிறார்கள். சுடலைமுத்து வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நேரத்துக்குப் புறப்பட்டு, மேம்பாலத்தில் மேல்தளத்தின் நடுவே டயர் பஞ்சராகி நிற்கிறார். போன் வருகிறது. "பாலத்துல ஏறிட்டேன் அண்ணாச்சி. நெசமாத்தான்." எதிர்முனையில் சிரித்துவிட்டுப் போனை வைக்கிறார்கள். முதலிலிருந்து பார்த்தவருக்கு அவர் மேல் முதல் தடவையாக இரக்கம் வரும். எட்டு எபிசோட் பொய் இல்லாமல் இந்த ஒரு உண்மைக்கு எடை கிடையாது. இங்கே வீடியோ காலில் காட்டிவிடலாமே என்று யாரும் கேட்காதபடி போனில் சார்ஜ் இரண்டு சதவீதம் என்று முன்பே வைத்துவிடுங்கள்.

பத்தாவதில் அவருடைய மகள் கல்யாணம். இந்தத் தடவை சேரும் அவருடையதே, காத்திருப்பவர்களும் அவருடைய சொந்தக்காரர்களே. இதுவரை ஏமாந்த எல்லாரும் மண்டபத்தில் இருக்கிறார்கள்: நிச்சயதார்த்த வீட்டுக்காரர், கொக்கிரகுளத்துப் பெரியவர், வில்லுப்பாட்டு அண்ணாவி. சமையல்காரர் போன் பண்ணுகிறார், ஸ்பீக்கரில் அவர் குரல் வருகிறது, சுடலைமுத்து வாயில் வழக்கமான வசனம் வருகிறது. பக்கத்தில் நிற்கிற கோயம்புத்தூர் மாப்பிள்ளை, ஊர் தெரியாதவர், இயல்பாகக் கேட்கிறார்: "எந்தப் பாலம்ங்க மாமா?"

கேள்வி வெளியூர்க்காரர் வாயில் வருவதற்குக் காரணம் உண்டு. உள்ளூர்க்காரர் ஒவ்வொருவருக்கும் பாலம் என்றால் ஒரு பாலம் மனத்தில் இருக்கிறது, அதனால் கேட்கத் தோன்றவில்லை. தொடருக்குப் புதிதாக வந்தவரும் மாப்பிள்ளை பக்கம் நின்று அதே கேள்வியைக் கேட்க முடியும். பதில் எழுதாதீர்கள். டவுன்காரர் பெரியவரைப் பார்க்கிறார், பெரியவர் அண்ணாவியைப் பார்க்கிறார். ஆளுக்கு ஒரு பாலத்தை நினைத்து இத்தனை நாள் காத்திருந்தது ஒவ்வொருவர் முகமாகத் தெரிய வேண்டும். முகத்துக்கு ஒரு விநாடி, நாலு முகம் போதும். சுடலைமுத்து வாயைத் திறப்பதற்குள் மண்டபத்து அடுக்களையிலிருந்து அந்தக் குக்கர் விசில்.

கேள்வி கேட்கப்பட்டுவிட்டதால் இரண்டாவது சீசனில் இந்த வசனத்தை அதே வேலைக்கு எடுக்க முடியாது. முதல் இரண்டு எபிசோடில் தொடவே வேண்டாம். மூன்றாவதில் யாரோ போன் பண்ணி "எங்கவே நிக்கீரு?" என்று கேட்கட்டும். அவர் "இந்தா..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, லொக்கேஷன் அனுப்பட்டும். அந்தக் காட்சியில் சொல்ல வேண்டிய புதுப் பொய் லொக்கேஷனுக்குள் இருக்க வேண்டும், அதற்குள் கேட்கப்படாத அடுத்த கேள்வி என்ன என்று முதல் சீசன் எடிட் நடக்கும்போதே நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.